பூஜ்யத்துக்குள் இரண்டு ரூபாய்



நம் அலுவலகத்துக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். போன மாதம் அவரே காரணம் கொடுத்துவிட்டார். ஐஸ்கிரீம் விற்க ஒரு ஃப்ரீசர் வாங்கப் போன இடத்தில், "பூஜ்ய சதவீத வட்டி" என்ற பலகைக்குப் பின்னால் இருந்த உண்மையான வட்டியை ஒரு பழைய பற்று நோட்டில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்.

ஃப்ரீசரின் விலை 30,000 ரூபாய். பத்துத் தவணை, தவணைக்கு 3,000. பத்து மூவாயிரம் முப்பதாயிரம், ஆக வட்டியே இல்லை என்று கடைத் தம்பி சொல்லியிருக்கிறார். முதல் இரண்டு தவணையை அன்றைக்கே கட்டிவிட வேண்டும், மீதி எட்டு மாதம். ஃபைல் சார்ஜ் 500 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 90, ஆக 590.

வேறொருவராக இருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார். அண்ணாச்சி முப்பது வருடமாகக் கடன் வாங்கியும் கடன் கொடுத்தும் பழகியவர். "தம்பி, முழுசையும் ரொக்கமா இப்பவே எண்ணி வச்சா என்ன விலை?" என்று கேட்டிருக்கிறார். தம்பி உள்ளே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்து, "உங்களுக்காக 28,500 அண்ணாச்சி" என்றாராம்.

"அங்கதான் சார் பிடிபட்டுச்சு," என்றார் என்னிடம். "ஒரு மூட்டை துவரம்பருப்பு ரொக்கத்துக்கு எடுத்தா ஒரு விலை, கடனுக்கு எடுத்தா ஒரு விலை. நடுவுல நிக்கிற ரூவாய்க்குப் பேரு என்ன? வட்டிதான?"

ஆமாம், அதுதான் வட்டி. ஃப்ரீசரின் உண்மையான விலை 28,500. தவணையில் வாங்குகிறவர் அந்த 1,500 ரூபாய்த் தள்ளுபடியை விட்டுக்கொடுக்கிறார், அதற்கு மேல் 590 கட்டுகிறார். மொத்தம் 2,090 ரூபாய். நான் அவசரப்பட்டு, "முப்பதாயிரத்துக்கு ரெண்டாயிரம்னா ஏழு சதவீதம்தானே அண்ணாச்சி, பரவாயில்லையே" என்றேன். அவர் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

என் கணக்கில் இரண்டு இடத்தில் பிசகு. முதலாவது, அவருக்குக் கிடைக்கும் கடன் 30,000 இல்லை. ரொக்க விலை 28,500. அதில் முதல் நாளே இரண்டு தவணை 6,000, ஃபைல் சார்ஜ் 590 என்று 6,590 அவர் கையிலிருந்து போய்விடுகிறது. மீதி 21,910 ரூபாய்தான் அவருக்காக வேறொருவர் போட்ட பணம். அதற்குத் திருப்பிக் கட்டுவது எட்டு மூவாயிரம், 24,000.

இரண்டாவதுதான் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது. அந்த 21,910-ம் எட்டு மாதமும் முழுசாக அவரிடம் இருப்பதில்லை. மாதா மாதம் குறைந்துகொண்டே வந்து, கடைசி மாதத்தில் மூவாயிரத்துக்கும் குறைவாகத்தான் பாக்கி நிற்கும். ஒரு பங்கு ஒரு மாதம் இருக்கிறது, ஒரு பங்கு இரண்டு மாதம், இப்படியே எட்டு வரை. சராசரி பார்த்தால் நாலரை மாதம். ஆக 21,910 ரூபாயை நாலரை மாதம் வைத்திருக்க 2,090 ரூபாய் கொடுக்கிறார். வகுத்துப் பார்த்தால் மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். நம் ஊர்ப் பேச்சில் அது இரண்டு வட்டி.

சராசரிக் கணக்கை அண்ணாச்சி முழுசாக நம்பவில்லை. அதனால் இரண்டு வட்டி என்றே வைத்துக்கொண்டு, கைமாற்றுக் கடனுக்கு எழுதுகிற மாதிரி மாதம் மாதமாகப் பற்று எழுதிப் பார்த்திருக்கிறார். 21,910-க்கு ஒரு மாத வட்டி 438. சேர்த்து, 3,000 கழித்தால் பாக்கி 19,348. அதற்கு வட்டி 387. மறுபடி 3,000 கழித்தால் 16,735. இப்படியே போய், ஏழாவது தவணை கட்டியபின் 2,865 நிற்கிறது. அதற்கு வட்டி 57 சேர்த்தால் 2,922. ஆனால் கட்ட வேண்டியதோ 3,000. இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தாலும் 78 ரூபாய் மிச்சம் ஆகியிருக்கும். எனவே உண்மை வட்டி இரண்டுக்கும் மேல். இரண்டு ரூபாய் பத்துப் பைசா வைத்து எழுதினால் கடைசியில் 33 ரூபாய் பாக்கி நின்றது. எனவே அதற்குக் கீழ். நம் அலுவலகக் கணக்கர் கணினியில் போட்டுப் பார்த்தபோது வந்தது 2.07. வருடத்துக்கு 24.8 சதவீதம். வட்டிக்கு வட்டி சேர்த்தால் ஏறத்தாழ 28.

அடகுக் கடையில் இரண்டு வட்டி என்றால் முகம் சுளிக்கிறோம். அதே வட்டி பூஜ்யம் என்ற பெயரில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வருகிறோம். எனக்கு இது மனதை உறுத்துகிறது.

ரிசர்வ் வங்கி இதை அறியாமல் இல்லை. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது, வட்டி செயலாக்கக் கட்டணத்துக்குள் மறைக்கப்படுகிறது என்று 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் தெளிவாகச் சொன்னது. பொருளுக்குத் தள்ளுபடி இருந்தால், அதைக் கழித்த பிறகே கடன்தொகையைத் தீர்மானிக்க வேண்டும் என்றும் சொன்னது. 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, புதிய சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாளைக் கொடுக்க வேண்டும். கட்டணங்களையும் சேர்த்து வருட வட்டி எவ்வளவு என்று அதில் ஒரே எண்ணாக இருக்கும். கிரெடிட் கார்டு பாக்கிகளுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு.

கடன் வாங்குகிறவர்கள் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் அதிலும் அண்ணாச்சியின் கேள்விக்குப் பதில் இருக்காது. கடன் கொடுக்கும் கம்பெனிக்குப் பொருளின் விலை 30,000-தான். எனவே தாளில் வட்டியாகக் கணக்குக்கு வருவது அந்த 590 மட்டுமே. அப்படிப் பார்த்தால் வருடத்துக்கு 6.7 சதவீதம்தான் வரும். விட்டுக்கொடுத்த 1,500 எந்தத் தாளிலும் ஏறாது. ரொக்க விலை என்ன என்று வாங்குகிறவர் வாயைத் திறந்து கேட்டால் மட்டுமே அது வெளியே வரும்.

சில கடைகளில் ரொக்கமாகக் கொடுத்தாலும் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார்கள், ஃபைல் சார்ஜும் இருக்காது. அங்கே பூஜ்யம் பூஜ்யமேதான். தாராளமாகத் தவணையில் வாங்கலாம். கிரெடிட் கார்டுத் தவணையில் வேறொரு வகை உண்டு: வங்கி போடும் வட்டியை விற்பவர் தள்ளுபடியாகக் கழித்துவிடுவார், ஆனால் அந்த வட்டி மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. நம் தலையில் விழும். மாதாந்திரக் கணக்கை வரிவரியாகப் பார்த்தால் தெரியும்.

அண்ணாச்சி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். கையிலிருந்த 6,590 போக மீதி 21,910-க்கு, ஆச்சியின் சங்கிலி ஒன்றை வைத்து வங்கியில் எண்பது பைசா வட்டிக்கு நகைக்கடன் எடுத்தார். அதே எட்டு மாதத்தில் அடைத்தால் வட்டி எண்ணூறு ரூபாய்க்குள் முடியும். 28,500-ஐ எண்ணிக் கொடுத்து ஃப்ரீசரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தவணைச் சீட்டு இருக்கும். ரொக்க விலை, முதல் நாள் கட்டியது, மாதத் தவணை, எத்தனை மாதம் என்ற நான்கையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். நானும் கணக்கரும் அண்ணாச்சியும் உட்கார்ந்து வட்டியைக் கணக்குப் பார்த்து எழுதுகிறோம். இரவு ஒன்பது மணிக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது.

அன்புடன்,
ஆசிரியர்