கீழ்த்தளம் திறந்த கட்டடங்களும் பூகம்பமும்

இடுக்கி மாவட்டத்தின் ஏலக்காய் மலைகளில் அமைந்த வண்டன்மேடு போன்ற ஊர்களில் சமதரை அரிது. ஆகவே சாலையோரத்து மாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தைக் கடைக்கோ வண்டிகளுக்கோ திறந்து விட்டு, மேல்மாடிகளை மட்டும் செங்கற் சுவர்களால் அடைத்துக் கொள்வது வசதியாகத் தோன்றுகிறது. இவ்வமைப்பு பூகம்பத்தின்போது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை, வரைபடங்களுக்கு அனுமதி வழங்குவோர் கேட்டறிவது அவசியம்.

இது வீண் அச்சமன்று. வண்டன்மேட்டுக்கு அண்மையிலுள்ள நெடுங்கண்டம் பகுதியில் 1988 ஜூன் மாதத்திலும், கோட்டயம்–இடுக்கி எல்லைப் பகுதியில் 2000 டிசம்பர் 12 அன்றும் நில அதிர்ச்சிகள் உணரப்பட்டன. பின்னதன் அளவு ஏறத்தாழ 5. இவை பெருஞ்சேதம் விளைவிப்பவை அல்ல. எனினும் இம்மலைகள் அசைவற்றவை அல்ல என்பதற்குச் சான்றாகும். திறந்த கீழ்த்தளத்தின் குறைபாட்டை நாட்டுக்கு உணர்த்தியது 2001 ஜனவரி 26 அன்று நேர்ந்த குஜராத் பூகம்பம். அதன் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அகமதாபாத்திலேயே நூற்றுக்கு மேற்பட்ட அடுக்குக் கட்டடங்கள் வீழ்ந்தன. அவற்றுட் பல, வண்டிகள் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளம் திறந்து விடப்பட்டவை.

காரணம் எளியது. பக்கவாட்டு விசையால் ஒரு மாடி நகராதவாறு தடுக்கும் தன்மையே அதன் விறைப்பு. இரு முனைகளிலும் இறுகப் பிணைக்கப்பட்ட தூணின் விறைப்பு, அதன் உயரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். மேல்மாடியின் உயரம் 3 மீட்டர், கீழ்த்தளத்தின் உயரம் 4 மீட்டர் எனின், ஒரே அளவுள்ள தூண்களாயினும் கீழே உள்ளதன் விறைப்பு மேலே உள்ளதில் 42 சதவீதமே.

பன்னிரண்டு தூண்கள் கொண்ட ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். தூண் ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் சதுரம். மேல்மாடித் தூண் ஒன்றின் விறைப்பை ஓர் அலகாகக் கொண்டால், மேல்மாடித் தூண்களின் மொத்த விறைப்பு 12. கீழ்த்தளத்துத் தூண்களுக்கு 5. மேல்மாடியிலுள்ள செங்கற் சுவர்கள் மேலும் 36 அலகுகள் சேர்ப்பதாக வைத்துக்கொண்டால், அங்கு மொத்தம் 48 ஆகிறது. ஆகவே கீழ்த்தளத்தின் விறைப்பு மேல்மாடியில் பத்தில் ஒரு பங்கே. ஒரே விசைக்கு மேல்மாடி 2 மில்லிமீட்டர் நகர்ந்தால், கீழ்த்தளம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் நகரும். அவ்வளவு நகர்ச்சியையும் தூண்களின் இரு முனைகளே தாங்க வேண்டும். கட்டடம் ஒடிவதும் அவ்விடத்திலேதான்.

இங்குதான் வழக்கமான கணக்கின் பிழை உள்ளது. வடிவமைப்போர் பலர் செங்கற் சுவரை வெறும் பாரமாகவே கருதி, அதன் விறைப்பைச் சேர்ப்பதில்லை. அவ்வாறாயின் மேற்கூறிய விகிதம் 10 சதவீதத்துக்குப் பதிலாக 42 சதவீதமாகத் தோன்றும்; அபாயத்தின் பெரும்பகுதி காகிதத்தில் மறைந்துவிடும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 1893 எண் விதித்தொகுப்பு, 2002 ஆம் ஆண்டுப் பதிப்பில், இத்தகைய தளத்தின் தூண்களையும் உத்தரங்களையும் கணக்கிட்ட விசையைப் போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்கலாம் என்று கூறிற்று. இதனால் வலிமை கூடும். விறைப்பு அதே அளவிற் கூடும் என்ற உறுதியில்லை. 2016 ஆம் ஆண்டுப் பதிப்பு, திறந்த தளத்தின் விறைப்பு மேல்தளத்ததில் 80 சதவீதத்துக்கு மேல் இருத்தல் வேண்டுமென விதித்தது. இதுவே நேரான வழி.

நமது உதாரணத்தில் கீழ்த்தளத்துக்கு 38 அலகுகளுக்குச் சற்று மேல் தேவை. தூண்களை மட்டும் பெருக்கினால் 50 சென்டிமீட்டர் சதுரமாக்க வேண்டும். மாறாக, 3 மீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் கனமும் உள்ள ஒரு கான்கிரீட் சுவர், அடியில் மட்டும் பிடிப்புடன் நிற்பதாகக் கணக்கிட்டாலும், சுமார் 37 அலகுகள் தரும். எனினும் ஒரே பக்கத்தில் ஒரு சுவரை எழுப்பினால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். ஆதலின் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் இவ்விரண்டு சுவர்களை எதிரெதிர்ப் பக்கங்களில் அமைத்தல் வேண்டும். அவை தக்க அஸ்திவாரத்தினின்று எழுந்து, இயன்றவரை உச்சிவரை தொடரவும் வேண்டும். பழைய கட்டடங்களிலும் பின்புறத்தையும் பக்கங்களையும் இவ்வாறு வலுப்படுத்தலாம். கடையின் முகப்பை அடைக்க வேண்டியதில்லை.

மலைச்சரிவில் மற்றுமோர் எச்சரிக்கை தேவை. மேட்டுப்புறத் தூண் 2 மீட்டரும் பள்ளப்புறத் தூண் 4 மீட்டருமாயின், குட்டையான தூண் எட்டு மடங்கு விறைப்புடையதாகி, விசையின் பெரும்பகுதியைத் தானே ஏற்று முதலில் உடையும். அங்கே சுவர் தேவைப்படுவது பள்ளப்புறத்தில்.

ஆதலின் உள்ளாட்சி மன்றங்கள், திறந்த கீழ்த்தளமுள்ள வரைபடம் ஒவ்வொன்றிலும், செங்கற் சுவர்களையும் சேர்த்துக் கணக்கிட்ட விறைப்பு விகிதத்தை எழுதித் தருமாறு கோருவது தகும். அந்த ஓர் எண் இல்லாத வரைபடத்தை ஏற்காது திருப்பி அனுப்புவதே முறை.