பாஸ்போர்ட்டுக்கு ஏழு படிகள்: மண்டல அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அதிகாரி அவர்களுக்கு,

முதன்முறையாகப் பாஸ்போர்ட்டுக்கு மனுச் செய்ய முற்படுகிற ஒருவர், தம் கைப்பேசியில் நான்கு நிமிஷங்களில் பார்த்து முடித்து, யார் தயவுமின்றித் தாமே விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யத்தக்க விதமாக, ஏழு படிகளை எண்ணிட்டுச் சொல்லும் ஒரு தமிழ்க் காணொளியைத் தங்கள் அலுவலகம் தயாரித்து வெளியிட வேண்டும் என்று விண்ணப்பித்துக் கொள்கிறேன். இராமநாதபுரம் மாவட்டத்தில் நெடுங்காலம் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போகும் பிள்ளைகள் நிறைந்த இந்தச் சீமையில், பழைய மாணவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் சான்றிதழ்க் கட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்து கேட்கிற கேள்விகளே இந்த மடலுக்கு ஆதாரம்.

விவரங்கள் இல்லாமல் இல்லை. அரசுத் தளத்தில் அவை விஸ்தாரமாகவே இருக்கின்றன. ஆயினும் அவை அலுவலகத்தின் பிரிவுகளை ஒட்டி வகுக்கப்பட்டிருக்கின்றனவேயன்றி, மனுதாரர் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய காரியங்களின் வரிசையில் அமையவில்லை. எனவே காணொளியில் எண் பெறுகிற ஒவ்வொரு படியும் மனுதாரர் செய்ய வேண்டிய ஒரே ஒரு செயலாக இருக்க வேண்டும். அந்தச் செயல் முடிந்துவிட்டது என்பதற்கான அடையாளம் எது என்பதையும் அந்தப் படியிலேயே சொல்லிவிட வேண்டும். விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, சேமித்து மட்டும் வைத்துவிட்டு, மாதக்கணக்கில் தபாலை எதிர்பார்த்திருந்தவர்களை நான் அறிவேன். ARN எனப்படும் விண்ணப்ப எண் திரையில் தோன்றினாலன்றி விண்ணப்பம் போய்ச் சேரவில்லை என்ற ஒரு வாக்கியம் அவர்களைக் காப்பாற்றியிருக்கும்.

படிகள் இவை என்று நான் கருதுகிறேன்: ஆவணங்களை ஒப்பிடுதல், தளத்தில் பதிவு செய்தல், படிவத்தைப் பூர்த்தி செய்தல், கட்டணம் செலுத்தி நாள் குறித்தல், சேவை மையத்துக்குச் செல்லுதல், போலீஸ் விசாரணை, தபாலில் பெறுதல். ஆனால் ஏழுக்கும் சம அவகாசம் கொடுப்பது பெரும்பிழை. மனுதாரர் எங்கே தவறுகிறாரோ அங்கேதான் நேரம் செல்ல வேண்டும். அவர்கள் தவறுவது பெரும்பாலும் பெயரில்தான். நான்கு நிமிஷத்தில் இரண்டைப் பெயருக்கே ஒதுக்கினாலும் மிகையாகாது.

தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் பெரும்பாலும் இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டுக்கொண்டு ஆயுள் முழுவதும் காரியம் பார்க்கிறோம். பாஸ்போர்ட் விண்ணப்பமோ முதலெழுத்தை ஏற்பதில்லை. அதை விரித்தெழுதச் சொல்கிறது. Given Name என்றும் Surname என்றும் இரண்டு கட்டங்களை வைத்துக் கேட்கிறது. முருகனின் மகள் செல்வி என்று ஒரு பெண்ணை உதாரணமாகக் கொள்வோம். அவளுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் SELVI M என்று இருக்கிறது. ஆதாரில் Selvi Murugan என்று இருக்கிறது. இவ்விரண்டையும் மேஜைமேல் அருகருகே வைத்து, ஒரு விரல் எழுத்தெழுத்தாக நகர்ந்து காட்டுவதைக் காணொளி மிகக் கிட்டத்தில் காட்ட வேண்டும். பின்னர் Given Name கட்டத்தில் SELVI என்றும், Surname கட்டத்தில் MURUGAN என்றும் தட்டச்சு செய்வதை நிதானமாகக் காட்ட வேண்டும். முதலெழுத்துத்தான் முதலில் வரும் என்ற பழக்கத்தினால், தகப்பனார் பெயரை முதற் கட்டத்தில் இட்டுவிடுகிறவர்கள் மிகப் பலர். அப்படி இட்டால், விமான டிக்கெட்டிலும் அந்நிய தேசத்து அலுவலகத்திலும் அந்தப் பெண்ணை முருகன் என்றே அழைப்பார்கள்.

இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். பாஸ்போர்ட் அப்படியும் கிடைக்கும்தான். ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல்லாக மட்டும் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்து, பிறகு தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகத் தெளிவுபடுத்தியதை நம் ஊர்ப் பிரயாணிகள் மறந்திருக்க மாட்டார்கள். கட்டத்தை நிரப்பிவிட்டால் இந்தக் கவலையே எழாது.

இனி, எழுத்து வேற்றுமை. தகப்பனார் பெயர் பள்ளிச் சான்றிதழில் KARUPPIAH என்றும் ஆதாரில் KARUPPAIYA என்றும் இருப்பது இங்கே வெகு சகஜம். கலியாணமான பெண்ணின் ஆதாரில் கணவர் பெயரும் பள்ளிச் சான்றிதழில் தகப்பனாரின் முதலெழுத்தும் நிற்பது அதனினும் சகஜம். இத்தகைய முரண்பாட்டை விண்ணப்பித்த பின்பு சேவை மையத்தில் கண்டுபிடித்தால், அன்றைய கூலியும் போய், பஸ் செலவும் போய், வேறொரு நாளைக்கு மறுபடி வர நேர்கிறது; பாஸ்போர்ட் அச்சாகிக் கைக்கு வந்தபின் கண்டுபிடித்தாலோ, மறுவெளியீட்டுக்கு மீண்டும் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. ஆதலால்தான் ஆவணங்களை ஒப்பிடுவதை, கணினியைத் தொடுவதற்கும் முந்திய முதற்படியாக வைக்கச் சொல்கிறேன். வேற்றுமை இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்திக்கொண்டு, அதன் பிறகே இரண்டாம் படிக்குப் போகலாம் என்று காணொளி கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் படியில் காட்ட வேண்டியது தளத்தின் முகவரி ஒன்றுதான்: passportindia.gov.in. இதே சாயலில் பெயர் வைத்துக்கொண்டு, விண்ணப்பத்தை வாங்கி அதிகக் கட்டணம் வசூலிக்கும் போலித் தளங்கள் உண்டென்று வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்க்கும் வழக்கத்தை, திரையின் அந்தப் பகுதியைப் பெரிதாக்கிக் காட்டி ஏற்படுத்தலாம்.

படிவத்தில் பெயருக்கு அடுத்தபடியாகச் சங்கடம் தருகிற கேள்வி, தாங்கள் Non-ECR வகைக்கு உரியவரா என்பது. இதன் பொருளை எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர்களில் எவரும் விளக்கிச் சொல்வதில்லை. ஆம், இல்லை என்ற இரண்டில் விரல் போன இடத்தில் அழுத்திவிடுகிறார்கள். பத்தாம் வகுப்புத் தேறியவர் அந்தச் சான்றிதழின் மூலப்பிரதியைக் காட்டி, ஆம் என்று குறிக்கலாம். வேறு சில வகையினருக்கும் இந்த உரிமை உண்டு. இல்லை என்று குறித்தவருடைய பாஸ்போர்ட்டில் ECR என்ற குறிப்பு விழுகிறது. அவர் சவூதி அரேபியா, குவைத், மலேசியா முதலான 18 நாடுகளில் ஒன்றுக்கு வேலைக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதியையும் பெற்றாக வேண்டும். படிப்புக் குறைந்த தொழிலாளியை மோசடி ஏஜெண்டுகளிடமிருந்து காக்கவே ஏற்பட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால் டிப்ளமோ படித்த பையனுக்கு அஜாக்கிரதையினால் அந்தக் குறிப்பு விழுந்து, விசா வந்த பிற்பாடு அதை நீக்க அலைகிறபோது அவனுடைய வேலையே கைநழுவிப் போகக்கூடும். இதற்கு அரை நிமிஷம் வேண்டும்.

மூன்றாவது சங்கடம் தற்போதைய விலாசம். சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிற மாணவன், ஆதாரில் உள்ளது என்பதற்காகக் கிராமத்து விலாசத்தைத் தற்போதைய விலாசமாகக் கொடுத்துவிடுகிறான். போலீஸ் விசாரணை அந்த விலாசத்தில்தான் நடக்கும். பையன் அங்கே இல்லை என்று அறிக்கை போனால் விண்ணப்பம் நின்றுவிடும். எந்த ஊரில் போலீஸார் வந்து கேட்டால் தாங்கள் கதவைத் திறப்பீர்களோ அந்த ஊர் விலாசமே தற்போதைய விலாசம் என்று சொன்னால் எவருக்கும் புரியும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். வயது வந்தோருக்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டின் சாதாரணக் கட்டணம் 1500 ரூபாய். அவசரமானால் தத்கால் முறையில் மேலும் 2000 ரூபாய். கட்டணம் கட்டியதோடு நின்றுவிடாமல் நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்து முடிக்க வேண்டும். அந்த நாளும் நேரமும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வருவதே நான்காம் படி முடிந்ததன் அடையாளம். சேவை மையத்தில் ஏ, பி, சி என்று மூன்று கவுன்ட்டர்கள். முதலாவதில் ஆவணங்களை ஸ்கேன் செய்து, புகைப்படமும் விரல் ரேகையும் எடுக்கிறார்கள். அடுத்த இரண்டில் அதிகாரிகள் பரிசீலிக்கிறார்கள். ஏ கவுன்ட்டரின் திரையில் தம் விவரங்கள் தெரிகிறபோது, ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுப் படிக்கும்படி மனுதாரருக்கு அறிவுறுத்த வேண்டும். பிழையைச் சுலபமாகத் திருத்திக்கொள்ள அதுவே கடைசி இடம். அதிகாரிகளுக்கு முன்னால் நிற்கிறோம் என்ற கூச்சத்தில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருகிறவர்களே எங்களிடத்தில் அதிகம்.

காணொளியின் உருவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்ப்பவர்கள் எல்லோரும் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தே பார்ப்பார்களாதலால் படமும் நெடுக்குவாட்டில் அமைவது உசிதம். படியின் எண், ஒரு மூலையில் கடைசிவரை அழியாமல் நிற்க வேண்டும். நான்காம் படியில் நிறுத்திவிட்டுப் பணம் கட்டப் போனவர் திரும்பி வந்து அந்த எண்ணைக் கொண்டே இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்வார். முகப்பு இசையும் வாழ்த்துரைகளும் வேண்டவே வேண்டாம். முதல் விநாடியிலேயே ஆவணங்கள் மேஜைக்கு வந்துவிடட்டும். பேசுகிற வார்த்தைகளைக் கீழே தமிழ் எழுத்திலும் காட்டினால், இரைச்சல் மிகுந்த இடத்தில் பார்ப்பவருக்கும் காது மந்தமானவருக்கும் உதவும். தயாரித்த மாதத்தையும் வருஷத்தையும் முதல் திரையிலேயே குறித்துவிட வேண்டும்; ஏனெனில் விதிகள் மாறுகின்றன. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பிறந்த தேதிக்கு அத்தாட்சி என்று 2025இல் ஏற்பட்ட திருத்தம், அதற்கு முன் எடுத்த காணொளிகளில் எப்படி இருக்கும்? பழைய காணொளி வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டேயிருக்கும். பார்ப்பவர் தேதியைக் கண்டு சந்தேகப்பட இடம் இருக்க வேண்டும்.

வெளியிடுவதற்கு முன் அதை ஒருமுறையாவது பரீட்சை செய்து பார்க்க வேண்டும் என்பது என் விசேஷ வேண்டுகோள். அலுவலகத்தில் உள்ளவர்களுக்குப் போட்டுக் காட்டுவதில் பிரயோஜனமில்லை. அவர்களுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும். இதுவரை விண்ணப்பமே போடாத நாலைந்து பேரை உட்கார வைத்து, காணொளியைக் காட்டி, படிவத்தைத் திறந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அவர்களுடைய விரல் எந்தக் கட்டத்தின்மேல் தயங்கி நிற்கிறதோ, அந்த இடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். தங்கள் அலுவலகம் அனுமதித்தால், எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தகையவர்களைக் கூட்டி வைக்க நான் சித்தமாயிருக்கிறேன். ஒரே பெயரை மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக வைத்திருக்கிறவர்களாகவே பார்த்து அழைத்து வருகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியன்,
இராமநாதபுரம் மாவட்டம்