உயரம் குறையாத பட்டைகள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகள் 2019ஆம் ஆண்டின் பிற்பகுதியை எளிதில் மறவா. வாகனத் தொழில் தளர்ந்தது. நாடெங்கும் ஆலைகள் உற்பத்தியில்லா நாட்களை அறிவித்தன. ஒப்பந்தத் தொழிலாளர்கள் முதலில் வெளியேறினர். ஆயினும் அந்த வீழ்ச்சி சிறிதும் தெரியாதவாறு அவ்வாண்டை வரைந்துகாட்ட இயலும். அதற்குப் பொய்யான எண் ஒன்றும் வேண்டியதில்லை.

இந்திய மோட்டார் வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2018-19இல் உள்நாட்டில் விற்ற வாகனங்கள் ஏறத்தாழ 2.63 கோடி, 2019-20இல் 2.15 கோடி. ஓராண்டில் நாற்பத்தேழு இலட்சத்துக்கும் மேல் குறைந்தது. இவ்விரு ஆண்டுகளையும் நூறு விழுக்காட்டு அடுக்குப் பட்டைகளாக வரைந்தால், இருசக்கர வாகனங்களின் பங்கு இரண்டிலும் 81 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். பயணிகள் வாகனங்களின் பங்கு 13 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். பட்டைகள் இரட்டைப் பிள்ளைகள்போல் தோன்றும்.

காரணம் வரைமுறையிலேயே உள்ளது. ஒவ்வோர் ஆண்டின் பகுதிகளையும் அவ்வாண்டின் மொத்தத்தால் வகுத்து, எல்லாப் பட்டைகளையும் ஒரே உயரத்திற்கு இழுத்துவிடுகிறோம். மொத்தம் அந்த வகுத்தலிலேயே மறைந்துவிடுகிறது. முதல் பட்டை பத்து சென்டிமீட்டர் என்றால், உண்மை அளவில் இரண்டாவது எட்டேகால் சென்டிமீட்டரைக்கூட எட்டாது.

இதனினும் கொடியது மூன்று சக்கர வாகனங்களின் நிலை. அவற்றின் விற்பனை 7.01 இலட்சத்திலிருந்து 6.37 இலட்சமாகச் சரிந்தது. பட்டையிலோ அவற்றின் பங்கு 2.7 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகத் தடிக்கிறது! மற்றவை அதைவிட வேகமாகச் சரிந்ததே அதற்குக் காரணம், வளர்ச்சி அன்று. வணிக வாகனங்கள் 10.07 இலட்சத்திலிருந்து 7.18 இலட்சமாயின. ஏறத்தாழ 29 விழுக்காட்டு வீழ்ச்சி. பட்டையில் அது அரை விழுக்காட்டுச் சுருக்கம். கண்ணுக்குப் புலப்படாத ஒரு கீற்று. லாரிகளின் அச்சுப் பளு வரம்பை 2018இல் உயர்த்தியதும், கடன் கிடைப்பது அருகியதும் அத்துறையை எவ்வளவு தாக்கின என்பதை அக்கீற்றிலிருந்து எவர் உணர்வார்?

இவ்வகைப் படத்தை நாம் வெறுக்கவில்லை. விற்பனையில் எவ்வகை வாகனம் எவ்வளவு என்னும் கலவையை ஒப்பிட அது தக்கதே. ஆனால் வேலையையும் உற்பத்தியையும் பற்றிப் பேசும்போது முதற்கேள்வி பங்கு அன்று, எண்ணிக்கை. ஆகவே ஒவ்வொரு பட்டையின் தலைமேலும் மொத்தத்தை அச்சிட வேண்டும். அதுவும் போதாது, கண் எண்ணைப் படிக்குமுன் நீளத்தைப் பார்த்துவிடுகிறது. எனவே உண்மை எண்ணிக்கைக்கேற்ப உயர்ந்து தாழும் பட்டைகளை அருகிலேயே, அதே பக்கத்தில் வரைய வேண்டும். தொழில்துறை அறிக்கைகளை வெளியிடும் அரசுத் துறைகளும் சங்கங்களும், அவற்றை எடுத்து அச்சிடும் நாளேடுகளும் இதைக் கட்டாய நடைமுறையாகக் கொள்ள வேண்டும் என்று கோருகிறோம்.