கணக்காளரின் கட்டணமும் கட்டணமில்லாத கதவும்

ஆண்டுதோறும் நவம்பர் 30ஆந் திகதி நெருங்கும்போது, வழக்கு விடயமாக எம்மை நாடி வருவோர் புறப்படுமுன் வாசலில் நின்று ஒரு வினாவை எழுப்புவதுண்டு. “வருமான வரி விபரத்திரட்டை நிரப்ப ஒரு கணக்காளர் பதினையாயிரம் ரூபா கேட்கிறார். இணையத்திலே நாமே நிரப்பினால் ஒரு சதமும் செலவில்லை என்கிறார்கள். எது நல்லது?” என்பதே அவ்வினா. ஆசிரியர் கேட்கிறார், பொறியியலாளர் கேட்கிறார், அண்மைக்காலமாக வெங்காயமும் நெல்லும் விளைவிப்போரும் கேட்கத் தொடங்கியுள்ளனர். மூவருக்கும் ஒரே விடையை நாம் அளித்தோமாயின் மூவரில் இருவருக்கேனும் தீங்கிழைத்தவராவோம்.

முதலில் இரு பக்கத்திலும் விற்கப்படும் பொருள் யாதெனத் தெளிதல் வேண்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளம் எவரிடமும் கட்டணம் பெறுவதில்லை. வரி செலுத்துவோர் அடையாள இலக்கமும் இரகசிய இலக்கமும் உள்ள எவரும் அதனுட் புகுந்து தம் விபரத்திரட்டைத் தாமே நிரப்பலாம். கட்டணம் பெற்று நிரப்பித்தரும் தனியார் இணையச் சேவைகளும் உள. அவை நிரப்புவதும் ஈற்றில் இதே விபரத்திரட்டையே. ஆனால் இந்த இயந்திரங்கள் யாவும் நாம் இட்ட தொகையைக் கூட்டுமேயன்றி, நாம் இடாது விட்ட தொகை எதுவென்று கேட்கமாட்டா. பட்டயக் கணக்காளருக்கு நாம் கொடுக்கும் பணமோ கூட்டற் கணக்குக்குரிய கூலியன்று. எதை வருமானமென்று காட்டுவது, எதைச் செலவென்று கழிப்பது என்னும் தீர்மானத்துக்குரிய விலையே அது. ஆகவே, எம் விபரத்திரட்டிலே தீர்மானிக்கவேண்டியது ஏதும் உண்டா என்பதே கேட்கத்தக்க வினா.

2025 ஏப்ரல் 1ஆந் திகதி முதல் 2026 மார்ச் 31ஆந் திகதி வரையுள்ள வரியாண்டை எடுத்துக்கொள்வோம். இவ்வாண்டுக்குத் தனிநபர் நிவாரணம் 18 இலட்சம் ரூபா. அதற்கு மேற்பட்ட முதற் பத்து இலட்சத்துக்கு நூற்றுக்கு 6 வீதமும், அடுத்துவரும் ஒவ்வோர் ஐந்து இலட்சத்துக்கும் முறையே 18, 24, 30 வீதமும், எஞ்சியதற்கு 36 வீதமும் வரியாகும்.

மாதம் 125,000 ரூபா சம்பளம் பெறும் ஓர் ஆசிரியையை எண்ணிப் பாருங்கள். ஆண்டுச் சம்பளம் 15 இலட்சம். வங்கியிலுள்ள நிலையான வைப்புக்கு ஆண்டில் 240,000 ரூபா வட்டி கிடைக்கிறது. அவ்வட்டியிலிருந்து வங்கி நூற்றுக்குப் பத்து வீதமாக 24,000 ரூபாவை முற்பண வருமான வரியெனக் கழித்துக்கொள்கிறது. சம்பளமும் வட்டியும் சேர்ந்து 1,740,000 ரூபாவே. அது 18 இலட்சத்துக்கு உட்பட்டதாகையால் அவர் செலுத்தவேண்டிய வரி ஒரு சதமுமில்லை. கழிக்கப்பட்ட 24,000 ரூபாவும் அவருடைய பணம். விபரத்திரட்டை அளித்து அதை மீளக் கோரும் உரிமை அவருக்குண்டு.

இவர் கணக்காளரிடம் சென்று பதினையாயிரம் ரூபா கொடுப்பாராயின், மீட்கும் பணத்தின் பெரும்பகுதி கட்டணமாகப் போய்விடும். கையில் எஞ்சுவது ஒன்பதினாயிரமே. இங்கே தீர்மானிக்கவேண்டியது எதுவுமில்லை. சம்பள விபரம், வங்கி தரும் வரிக்கழிவுச் சான்றிதழ், மீளளிப்பு வந்துசேரவேண்டிய வங்கிக் கணக்கிலக்கம் ஆகியவற்றை முன்வைத்துக்கொண்டு அமர்ந்தால் இணையத்தளமே போதுமானது. அதனினும் எளிய வழியொன்றும் உண்டு. மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதென உறுதியாக அறிந்த ஒருவர், தம் அடையாள இலக்கத்துடன் அதனைச் சுயபிரகடனமாக எழுதி வங்கியிடம் ஒப்படைத்தால், அவ்வட்டியில் வங்கி கைவைக்காது. போன பணத்தைத் தேடுவதைவிடப் போகாமற் காப்பது மேலன்றோ?

இனி ஒரு பொறியியலாளரை நோக்குவோம். மாதச் சம்பளம் இரண்டு இலட்சம். ஆண்டுக்கு 24 இலட்சம். சம்பளத்திலிருந்து மாதந்தோறும் 3,000 ரூபாவாக ஆண்டில் 36,000 ரூபா கழிக்கப்படுகிறது. வவுனியாவிலுள்ள வீட்டுக்கு மாதம் 60,000 ரூபா வாடகை, ஆண்டுக்கு 720,000. வைப்பு வட்டி மூன்று இலட்சம். அதில் 30,000 ரூபாவை வங்கி கழித்துவிட்டது. “எல்லாவற்றுக்கும் வரி வெட்டியாயிற்று, இனி எமக்கென்ன கடன்?” என்று அவர் எண்ணியிருக்கிறார். இந்த எண்ணமே பலரை வீழ்த்துவது. வங்கி கழித்த பத்து வீதம் முடிந்த வரியன்று; அது முற்பணம் மாத்திரமே. வட்டியும் வாடகையும் சம்பளத்தின் மேல் ஏறி நிற்பதால், அவற்றின் ஒரு பகுதி 18 வீதப் படியை எட்டிவிடுகிறது.

மொத்த வருமானம் 3,420,000. தனிநபர் நிவாரணம் 18 இலட்சத்தைக் கழித்தால் 1,620,000. இவ்விடத்திலேதான் அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் வேறுபாடு தோன்றுகிறது. வாடகை வருமானத்தில் நான்கிலொரு பங்கை, வீட்டைப் பழுதுபார்த்துப் பேணும் செலவுக்கு ஈடான நிவாரணமாகக் கோரச் சட்டம் இடமளிக்கிறது. அது 180,000 ரூபா. அதனைக் கோரினால் வரிக்குட்படும் தொகை 1,440,000, வரி 139,200. கோராது விட்டால் வரி 178,800. ஒரேயொரு கட்டத்தை வெறுமையாக விட்டதற்கு இழப்பு 39,600 ரூபா. கணக்காளருக்குக் கொடுக்க மனமின்றி மீதப்படுத்திய பதினையாயிரத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிவாரணத்தைக் கோரியபின்னும், ஏற்கனவே கழிக்கப்பட்ட 66,000 ரூபா போக, அவர் இன்னும் 73,200 ரூபா செலுத்தவேண்டியவராகிறார். இத்தொகையை நவம்பரில் விபரத்திரட்டோடு சேர்த்துச் செலுத்தலாமென எண்ணுவதும் தவறு. ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே ஆகிய மாதங்களின் 15ஆந் திகதிகளிற் காலாண்டுத் தவணைகளும், செப்டெம்பர் 30ஆந் திகதியில் இறுதி மிகுதியும் செலுத்தப்படல் வேண்டும். நவம்பர் 30 என்பது தாளுக்குரிய தவணையேயன்றிப் பணத்துக்குரிய தவணையன்று. பணம் பிந்தினால் வட்டி ஏறும். விபரத்திரட்டு பிந்தினாலோ 50,000 ரூபாவும், அதற்குமேல் மாதத்துக்குப் பத்தாயிரமுமாகத் தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இப்பொறியியலாளர் முதலாண்டில் ஒரு கணக்காளரிடம் செல்வதே தகும். அவர் நிரப்பியதன் பிரதியை வாங்கி, கட்டங்கட்டமாகக் கேட்டறிந்து வைத்துக்கொள்ளட்டும். சம்பளமும் வாடகையும் வட்டியும் மாறாதிருக்கும் ஆண்டுகளில் அப்பிரதியை முன்வைத்து அவரே இணையத்தில் நிரப்பிவிடலாம்.

கமக்காரரின் நிலை இவ்விருவரிலும் வேறானது. 2019 ஏப்ரல் 1ஆந் திகதி முதல் ஐந்தாண்டுக்கு விவசாய விளைபொருளின் இலாபத்துக்கு வரிவிலக்கு இருந்தது. அது 2024 மார்ச் 31ஆந் திகதியுடன் முடிவுற்றது. முடிவுற்றதை அறியாத பலர் இன்னும் பழைய நம்பிக்கையிலேயே இருக்கின்றனர்.

ஒருவர் ஆண்டில் 42 இலட்சம் ரூபாவுக்கு வெங்காயமும் நெல்லும் விற்கிறார் என்க. விதை, பசளை, கிருமிநாசினி, மண்ணெண்ணெய், கூலியாட்கள் என 29 இலட்சம் செலவு. இலாபம் 13 இலட்சம். வேறு வருமானம் இல்லையாயின் வரியே இல்லை. ஆனால் அச்செலவுக்குச் சான்று எங்கே? கூலி கையிலே கொடுக்கப்பட்டது. பசளைக் கடைச் சிட்டை மழையில் நனைந்துபோயிற்று. வங்கிப் புத்தகத்திலோ வந்த 42 இலட்சம் மாத்திரம் பளிச்சென்று தெரிகிறது. செலவு முழுவதும் ஏற்கப்படாத நிலையில், அதே மனிதருக்கு வரி 390,000 ரூபாவாகிறது. இழப்பைக் கணக்காளராலும் தடுக்கவியலாது, இணையத்தாலும் தடுக்கவியலாது. அதைத் தடுப்பது வீட்டிலுள்ள ஒரு கொப்பியே. விற்ற நாள், வாங்கியவர், தொகை ஒரு பக்கமும், செலவும் கூலியாளின் கையொப்பமும் மறுபக்கமுமாக அன்றன்றே எழுதிவைத்தால், கணக்காளரின் வேலையிற் பாதி முடிந்தது. கட்டணம் பேசும்போது அந்தக் கொப்பியை மேசையில் வையுங்கள். சாக்கிலே கட்டிவந்த சிட்டைகளுக்கு ஒரு விலையும் ஒழுங்காக எழுதிய கணக்குக்கு வேறு விலையும் கேட்பது இயல்பு. உழவு இயந்திரம் வாங்கிய ஆண்டிலோ கணக்காளர் இன்றியமையாதவர். அவ்விலையை ஒரே ஆண்டிற் செலவாகக் கழிக்கவியலாது, பல ஆண்டுகளுக்குப் பகிர்ந்தே கழித்தல் வேண்டும்.

சட்டம் பயின்றவர் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையையும் விடுக்க விரும்புகிறோம். எவர் நிரப்பினாலும் விபரத்திரட்டு உங்களுடையதே. பிழை காணப்பட்டால் அறிவித்தல் வருவது உங்கள் பெயருக்கு. கட்டணம் வாங்கியவர் பெயருக்கன்று. ஊர்தோறும் வரி ஆலோசகர் என்று சொல்லிக்கொள்வோர் சிலர், இரகசிய இலக்கத்தை மாத்திரம் வாங்கிக்கொண்டு, தம் தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் உங்கள் கணக்கிற் பதிந்துவிடுகின்றனர். அதன்பின் திணைக்களத்தின் அறிவித்தல்கள் அவருக்கே செல்லும். உங்களுக்குத் தெரியவரும்போது தவணை கடந்திருக்கும். நல்ல கணக்காளரை அவர் கேட்கும் கேள்விகளால் அறியலாம். வாடகை உண்டா, வேறு வங்கியில் வைப்பு உண்டா, சம்பளத்துக்குரிய ரி.10 சான்றிதழ் எங்கே, ஆண்டுக்குள் வாகனமோ காணியோ வாங்கினீரா என்று அவர் துருவித் துருவிக் கேட்பார். ஒன்றும் கேளாமல் ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருபவருக்குக் கொடுக்கும் பணம், இலவசமாகக் கிடைக்கும் வேலைக்குக் கொடுத்த பணமே.

ஆகவே வாசலில் நின்று கேட்கும் நண்பர்களுக்கு எமது விடை இதுவே. வருமானம் சம்பளமும் வங்கி வட்டியும் மாத்திரமாயின் கட்டணமில்லாத கதவையே தட்டுங்கள். வாடகையோ தனிப்பட்ட தொழிலோ புதிதாகச் சேர்ந்த ஆண்டில் கணக்காளரிடம் செல்லுங்கள். ஆனால் நவம்பரில் அன்று, முதற் தவணை வருமுன் ஜூலையிலேயே செல்லுங்கள். கமக்காரராயின் இன்றே ஒரு கொப்பி வாங்குங்கள்.