கூற்று போதும், கருத்து வேண்டா

"புரியாமையே ஆழம்" என்போரும், கவிதையின் கீழே கருத்துரை ஒட்டுவோரும் ஒரே வினாவைத் தவிர்க்கின்றனர். எவ்வளவு விளக்குவது என்பதன்று வினா, எதை விளக்குவது என்பதே.

குறுந்தொகை 40ஆம் பாடலைப் பாருங்கள். புலவரின் இயற்பெயர் மறைந்து, அவர் ஆண்ட உவமையே செம்புலப்பெயல்நீரார் எனப் பெயராயிற்று. கூடியபின் பிரிந்துவிடுவானோ என அஞ்சிய தலைவியிடம் தலைவன் கூறியது என்கிறது அதன் கூற்றுக்குறிப்பு. அவ்வளவே. அஃது இல்லையெனில் பாடல் வெறும் வியப்பு. இருந்தால் ஓர் அச்சத்துக்கு விடை. செம்மண் யார், மழைநீர் யார் என்று அது சொல்வதில்லை.

குறிப்புகள் பிற்காலத்தவை என்று மறுப்பர். ஆம், திணைமரபு அறிந்து கேட்டோர்க்கு அவை தேவைப்படவில்லை. மரபு தேய்ந்தபின் வந்தோர்க்குத் தேவைப்பட்டன. நாமும் பின்வந்தோரே.

கல்லாற்றைப் பற்றிய என் கவிதைக்கும் இதுவே அளவுகோல். பொன்முடியில் மழை பெய்தால், வெயில் காயும் கல்லாற்றிலும் நீர் சட்டென ஏறும். ஊரார் அறிவர், மதுரை வாசகர் அறியார். அதை மறைப்பது ஆழமன்று, ஊர்க்குழூஉக்குறி. ஆகவே தலைப்பில் 'மேலே மழை' என்று சேர்த்தேன். ஏறும் நீர் எவருடைய சினம் என்று அடிக்குறிப்பு எழுதச் சொன்னார் சக ஆய்வாளர் ஒருவர். மறுத்துவிட்டேன்.