அல்சூரா, ஹலசூருவா?

பெங்களூரில் ஒரு மிக்ஸி ரிப்பேர் கடை. தேய்ந்த கப்ளரைக் கழற்றிப் புதியதை மாட்டுவதை நான்கு நிமிடப் படமாக எடுத்து யூடியூபில் போடுகிறார் கடைக்காரர். தலைப்பு: `Best Mixer Repair`. பார்ப்பவர்கள் பாட்னாவிலும் நாக்பூரிலும் இருக்கிறார்கள். கடைக்கு ஒருவரும் வரவில்லை.

படத்தில் பழுதில்லை. கடை இருக்கும் பேட்டையின் பெயர்தான் எங்கும் இல்லை. அந்தப் பேட்டைக்கு இரண்டு பெயர்கள் என்பது கூடுதல் சிக்கல். பழைய ஆட்களுக்கு அது அல்சூர். மெட்ரோ நிலையப் பலகையில் ஹலசூரு. நகரத்தின் பெயர் 2014 நவம்பரில் அதிகாரபூர்வமாகப் பெங்களூரு ஆகிவிட்டது. ஆனால் தேடுபவர்களின் விரல்கள் அரசாணைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. பலர் இன்னும் `Bangalore` என்றே தட்டுகிறார்கள்.

எனவே தலைப்பை இப்படி மாற்றலாம்:

`Mixer Repair in Ulsoor, Halasuru, Bangalore – Coupler Change`

தலைப்புக்கு 100 எழுத்துகள் வரை இடமுண்டு என்றாலும், செல்போன் திரையில் வால் வெட்டுப்படும். அதனால் பேட்டைப் பெயர் முன்னால் வரவேண்டும். `Bengaluru` என்ற வடிவத்தை விளக்கக் குறிப்பில் சேர்த்தால் போதும். குறிப்பின் தொடக்க வரிகள்தான் முதலில் கண்ணில் படும். அங்கே கடைப் பெயர், தெரு, ஏரிக்கு எந்தப் பக்கம், தொலைபேசி எண் ஆகியவை இருக்கட்டும். ‘டேக்’ பெட்டியில் ஊர்ப் பெயர்களைக் கொட்டுவதில் பெரிய பயனில்லை. பிழையாகத் தட்டப்படும் பெயர்களுக்குத்தான் அது உதவும் என்று யூடியூபே சொல்கிறது. கடைக்காரர் படத்தின் தொடக்கத்தில் பேட்டைப் பெயரைத் தன் வாயால் சொல்வதும் நல்லது. ஆனால் தானாக உருவாகும் வசன வரிகளில் ‘ஹலசூரு’ வேறு எதுவாகவோ மாறியிருக்கக்கூடும். ஒருமுறை படித்துத் திருத்திவிட வேண்டும்.

ஆசை இங்கேதான் தலைகாட்டுகிறது. இந்திராநகர், தொம்லூர் என்று தொடங்கி ஒயிட்ஃபீல்டு வரை இருபது பேட்டைகளை அடுக்குகிறவர்கள் உண்டு. விளக்கக் குறிப்பில் சம்பந்தமில்லாத சொற்களை இப்படி வரிசையாகத் திணிப்பது யூடியூபின் விதிகளுக்கு முரணானது, படமே நீக்கப்படலாம். நீக்கப்படாவிட்டாலும், ஒயிட்ஃபீல்டிலிருந்து அழைப்பவரிடம் ‘அவ்வளவு தூரம் வர மாட்டோம்’ என்று சொல்லித்தான் தீரவேண்டும். ஆள் நிஜமாகவே போய்வரும் இரண்டு மூன்று பேட்டைகளை ஒரு வாக்கியத்தில் சொன்னால் போதும்.

பலன் தெரிகிறதா என்பதை மொத்தப் பார்வை எண்ணிக்கையில் தேடக்கூடாது. யூடியூப் ஸ்டூடியோவின் புள்ளிவிவரப் பகுதியில், தேடி வந்தவர்கள் எந்தச் சொற்களைத் தட்டினார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். அதில் `ulsoor` தென்பட்டால் வழி திறந்திருக்கிறது. ஒரு பேட்டையில் ஒரு மாதத்தில் மிக்ஸி ரிப்பேரைத் தேடுபவர்கள் சிலரே என்பதால் எண்கள் சிறியதாகவே இருக்கும். அவசரமாகக் கடை தேடுபவர் பெரும்பாலும் யூடியூபுக்கு வருவதே இல்லை. நேராக கூகுள் வரைபடத்தைத்தான் திறக்கிறார். அங்குள்ள கடைப் பக்கத்தில் 30 விநாடிப் படம் போட இடமிருக்கிறது. நான்கு நிமிடத்திலிருந்து பழைய கப்ளர் கழன்று வரும் காட்சியை மட்டும் வெட்டி அங்கே போடலாம்.