மறைந்திருக்கும் இமாமும் ஐந்தில் ஒரு பங்கும்

ஈரானின் 1979-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தில் 5-ஆவது பிரிவு விந்தையானதொரு நிபந்தனையுடன் தொடங்குகிறது. ‘காலத்தின் தலைவர்’ மறைந்திருக்கும் காலம் வரையில், நாட்டை வழிநடத்தும் பொறுப்பு நேர்மையும் அறிவும் உடைய ஒரு சமயச் சட்ட அறிஞரைச் சாரும் என்பது அதன் சாரம். அந்தக் காலத்தின் தலைவர், ஒன்பதாம் நூற்றாண்டில் மனிதர் கண்களிலிருந்து மறைந்ததாகப் பன்னிரு இமாம் ஷியாக்கள் நம்பும் பன்னிரண்டாவது இமாம். அவர் வரும்வரை அறிஞரின் ஆட்சி ஓர் இடைக்கால ஏற்பாடு என்றுதான் அச்சட்டம் கூறுகிறது.

மேற்காசியா குறித்த நம் விவாதங்களில் அணுசக்தி, எண்ணெய், ஏவுகணை ஆகியவை பேசப்படும் அளவுக்கு இந்த ஒரு வாசகம் பேசப்படுவதில்லை. ஆனால், மதகுருமார்களின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது, அதன் எல்லை எது என்ற கேள்விக்கான விடை இதற்குள்தான் இருக்கிறது. பொருளாதாரம் கற்பித்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு அந்த விடையை இறையியலைக் காட்டிலும் பணத்தின் வழியாகப் பின்தொடர்வது எளிதாக இருக்கிறது.

நபிகள் நாயகத்துக்குப் பின் சமுதாயத்தை வழிநடத்தும் உரிமை அவருடைய மருமகன் அலிக்கும், அவர் வழிவந்தோருக்குமே உரியது என்பது ஷியாக்களின் அடிப்படை நம்பிக்கை. அலி, அவர் மக்கள் ஹசன், ஹுசைன், பின்னர் ஹுசைனின் வழியில் ஒன்பது பேர் எனப் பன்னிருவர். ஹுசைன் 680-இல் கர்பலாவில் கொல்லப்பட்டார். அதன்பின் வந்த இமாம்கள் பெரும்பாலும் ஆட்சியாளர்களின் கண்காணிப்பிலேயே வாழ்ந்தனர். பதினோராவது இமாம் ஹசன் அல்-அஸ்கரி, படைநகரமான சாமர்ராவில் 874-இல் காலமானபோது, அவருக்கு ஒரு சிறு மகன் இருப்பதாகவும் பாதுகாப்புக்காக அவர் மறைந்திருப்பதாகவும் நெருங்கிய வட்டத்தினர் அறிவித்தனர். அந்த மகனே பன்னிரண்டாவது இமாம் முஹம்மத் அல்-மஹ்தி.

அடுத்த ஏறக்குறைய எழுபது ஆண்டுகளைச் ‘சிறு மறைவு’ என்பர். இக்காலத்தில் நான்கு தூதர்கள் ஒருவர்பின் ஒருவராக இமாமுக்கும் மக்களுக்கும் இடையே நின்றனர். கேள்விகள் அவர்கள் வழியே உள்ளே சென்றன. விடைகள் வெளியே வந்தன. கூடவே பணமும் சென்றது. முதல் தூதர் உஸ்மான் அல்-அம்ரி நெய் வியாபாரியாகத் தோற்றம் காட்டி, நெய்த் தோற்பைகளுக்குள் காணிக்கைகளை மறைத்து அனுப்பினார் என்று ஷியா மரபு சொல்கிறது. 941-இல் நான்காவது தூதர் இறக்கும் தறுவாயில், இனி எவரையும் தூதராக நியமிக்க வேண்டாம் என்று இமாமிடமிருந்து கடிதம் வந்ததாகக் கூறினார். அன்று தொடங்கிய ‘பெரு மறைவு’ இன்றும் தொடர்கிறது.

இங்கேதான் சிக்கல் பிறந்தது. தூதர் இல்லை, ஆனால் காணிக்கை நிற்கவில்லை. குர்ஆனின் எட்டாவது அத்தியாயத்தில் கூறப்படும் ‘குமுஸ்’, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, போரில் கிடைக்கும் பொருளுக்கு உரியது என்பது சன்னிகளின் விளக்கம். ஷியாக்களோ அதை ஆண்டு முடிவில் மிஞ்சும் வருமானத்துக்கும் விரித்தனர். அதில் பாதி, நபியின் வழித்தோன்றல்களான சையிதுகளில் ஏழைகளுக்கும் அநாதைகளுக்கும் உரியது. மறு பாதி இமாமின் பங்கு. மறைந்திருப்பவரின் பங்கை யாரிடம் கொடுப்பது?

பதினோராம் நூற்றாண்டு அறிஞர்கள் இதற்கு அளித்த விடைகள் இன்று வாசிக்கையில் வியப்பூட்டுகின்றன. மறைவுக் காலத்தில் அக்கடமையே இல்லை என்றனர் சிலர். பூமி தன் புதையல்களை இமாமுக்கு வெளிப்படுத்தும் என்பதால் மண்ணில் புதைத்துவிடலாம் என்றனர் வேறு சிலர். தனியே எடுத்துவைத்து, சாகும்போது நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைக்க, அவர் அடுத்தவரிடம் ஒப்படைக்க, இப்படியே இமாம் வரும்வரை காக்கலாம் என்பது மற்றொரு கருத்து. உரிமையாளர் ஊரில் இல்லாத சொத்தை அண்டைவீட்டார் காப்பது போன்ற அச்சமும் நேர்மையும் இதில் தெரிகின்றன. இமாமின் பங்கைச் சமயச் சட்ட அறிஞர் பெற்று, இமாம் விரும்பியிருக்கக்கூடிய வழியில் செலவிடலாம் என்ற கருத்து படிப்படியாகத்தான் வலுப்பெற்றது. 1277-இல் மறைந்த முஹக்கிக் அல்-ஹில்லி போன்றோரின் நூல்கள் அதற்கு வழிவகுத்தன.

நடைமுறையில் இது எப்படி இயங்குகிறது என்பதற்குக் கற்பனையான ஒரு கணக்கைப் பார்ப்போம். லக்னோவில் ஒரு துணிக்கடைக்காரர் தமக்கென ஒரு கணக்கு நாளை வைத்துக்கொள்கிறார். ஆண்டின் நிகர வருமானம் 12 லட்சம் ரூபாய். உணவு, வாடகை, பிள்ளைகளின் கல்வி, மகளின் திருமணம் என நியாயமான குடும்பச் செலவு 9 லட்சம். மீதம் 3 லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு 60,000. இதில் 30,000 தகுதியுள்ள சையிதுகளுக்கு. 30,000 இமாமின் பங்கு. அந்த நாளில் வீட்டில் செலவாகாமல் எஞ்சிய அரிசிக்கும் சர்க்கரைக்கும்கூட மதிப்புப் போட வேண்டும். ஒருமுறை குமுஸ் செலுத்தப்பட்ட தொகைக்கு மறு ஆண்டு மீண்டும் செலுத்த வேண்டியதில்லை. இது செல்வத்தின் மீதான வரியன்று, சேமிப்பின் மீதான வரி என்பதைப் பொருளாதார மாணவர்கள் கவனிக்கலாம். வீடு வாங்கப் பல ஆண்டுகள் பணமாகச் சேர்ப்பவருக்கு இது சற்றுச் சுமையே.

அந்த 30,000 ரூபாயைக் கடைக்காரர் தாம் பின்பற்றும் ‘மர்ஜா’வின் பிரதிநிதியிடம் அளிக்கிறார். பிரதிநிதி தமக்கு அனுமதிக்கப்பட்ட விகிதத்தை உள்ளூர்ப் பள்ளிக்கும் ஏழைகளுக்கும் செலவிட்டு, மீதியை மேலே அனுப்புகிறார். அது நஜஃபிலோ கோமிலோ பயிலும் மாணவர்களின் மாத உதவித்தொகையாகிறது. இதில் அரசு எங்கும் இல்லை. கட்டாயப்படுத்தும் அதிகாரியும் இல்லை. எந்த மர்ஜாவைப் பின்பற்றுவது என்பதையும் கடைக்காரரே தீர்மானிக்கிறார். அதிகம் கற்றவரைப் பின்பற்ற வேண்டும் என்பது விதி. யார் அதிகம் கற்றவர் என்பதை அறிஞர்களின் சாட்சியமும் சமுதாயத்தில் உள்ள நற்பெயரும் காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நஜஃபின் முர்தழா அன்சாரி ஏறத்தாழ அனைவராலும் ஏற்கப்பட்ட முதல் மர்ஜாவானது இப்படித்தான்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அவத் மன்னர் காஸியுத்தீன் ஹைதர் 1825-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு கோடி ரூபாயை 5 விழுக்காடு வட்டியில் நிரந்தரக் கடனாகக் கொடுத்தார். அதன் வட்டியில் ஒரு பகுதி பின்னாளில் நஜஃப், கர்பலா அறிஞர்களுக்குச் செல்லத் தொடங்கியது. ஆங்கிலேய அதிகாரிகளின் கை வழியாக வந்த அந்தப் பணத்தைச் சில ஆண்டுகள் பெற்ற அன்சாரி, பிறகு விலகிக்கொண்டார். வேறு சிலர் தொடர்ந்து பெற்றனர். பிரிட்டிஷார் அதைச் செல்வாக்குக் கருவியாக்க முயன்றதும் உண்மை. (சென்னையில் நாள்தோறும் ஆயிரம் விளக்கைக் கடப்போரில் எத்தனை பேருக்கு அந்தப் பள்ளிவாசல் ஷியாக்களுடையது என்று தெரியும்?)

பணத்தில் அரசைச் சாராதவர் அரசை எதிர்க்க முடியும். 1890-இல் ஈரானின் புகையிலை வாணிபம் முழுவதையும் மன்னர் நாசிருத்தீன் ஷா, டால்பட் என்ற ஆங்கிலேயருக்கு ஏகபோகமாக வழங்கினார். 1891 டிசம்பரில், புகையிலையைப் பயன்படுத்துவது மறைந்திருக்கும் இமாமுக்கு எதிராகப் போர் புரிவதற்கு ஒப்பாகும் என்ற ஃபத்வா, சாமர்ராவில் இருந்த மிர்ஸா ஹசன் ஷிராஸியின் பெயரில் பரவியது. மன்னரின் அந்தப்புரத்திலேயே ஹுக்காக்கள் ஓய்ந்தன என்பர். அடுத்த மாதமே ஒப்பந்தம் ரத்தானது. ஆனால், நிறுவனத்துக்கு இழப்பீடாக 5 லட்சம் பவுன் கொடுக்க ஈரான் அந்நியக் கடன் வாங்க நேர்ந்தது. வெற்றியைப் பாடும் வரலாற்றாசிரியர்கள் இந்த வரியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

ஷிராஸி அரசரைத் தடுத்தார், அரசராக முயலவில்லை. இமாமின் இடத்தில் அமர்ந்து ஆள்வது வேறு, அவருக்குரிய பணத்தைக் காப்பது வேறு. இந்தக் கோட்டை அழித்தவர் அயதுல்லா கொமேனி. 1970-இல் நஜஃபில் ஆற்றிய விரிவுரைகளில், இமாமின் ஆட்சிப் பொறுப்பும் அறிஞருக்கே உரியது என்று அவர் வாதிட்டார். 1979-இல் அது சட்டமாயிற்று. 1988 ஜனவரியில் அவர் எழுதிய கடிதம் ஒருபடி மேலே சென்று, அரசின் நலன் கோரினால் ஹஜ் போன்ற கடமைகளையும் தற்காலிகமாக நிறுத்தலாம் என்றது. அடுத்த ஆண்டு, வாரிசாக நியமிக்கப்பட்டிருந்த மர்ஜா மொந்தஸெரி விலக்கப்பட்டார். தலைவர் மர்ஜாவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அரசமைப்பிலிருந்து நீக்கப்பட்டது. அப்போது மர்ஜா தகுதியில் இல்லாத அலி காமெனி தலைவரானார். அதாவது, கல்வியால் அதிகாரம் என்று தொடங்கிய கோட்பாடு பத்தே ஆண்டுகளில் அரசியல் தேவைக்குக் கல்வித் தகுதியைத் தளர்த்திக்கொண்டது. என் பார்வையில், ஈரானியப் புரட்சியின் மிகப்பெரிய முரண் இதுதான்.

நஜஃபின் வழி வேறு. அங்கிருந்த அபுல் காசிம் அல்-கூயீ கொமேனியின் கோட்பாட்டை ஏற்கவில்லை. அவருடைய மாணவர் அலி அல்-சிஸ்தானி எந்தப் பதவியையும் ஏற்றவரல்லர். ஆனால், 2003-இல் இராக்கின் அரசமைப்பை அமெரிக்கா நியமிக்கும் குழு எழுதக்கூடாது, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே எழுத வேண்டும் என்ற அவரது ஃபத்வாவுக்கு வாஷிங்டன் பணிய வேண்டியிருந்தது. 2014 ஜூன் 13-ஆம் நாள், மோசுல் வீழ்ந்த சில நாள்களில், ஐஎஸ் அமைப்புக்கு எதிராக ஆயுதம் ஏந்தும் அழைப்பு அவர் சார்பில் கர்பலாவில் வாசிக்கப்பட்டது. அரசுப் படைகளில் சேருமாறுதான் அவர் அழைத்தார். விளைவோ, ஈரானின் தலைவருக்கு விசுவாசமான ஆயுதக் குழுக்களும் அதே குடையின்கீழ் வளர்ந்தன. 2016-இல் அவற்றுக்குச் சட்டத் தகுதியும் அரசுச் சம்பளமும் கிடைத்தன. அதிகாரத்தைக் கையில் எடுக்காதவரின் சொல்லைப் பிறர் கையில் எடுத்துக்கொள்ளலாம் என்பது இம்முறையின் பலவீனம்.

மற்றொரு பலவீனம் கணக்கு. மர்ஜாக்களின் அலுவலகங்கள் ரசீது தருகின்றன. ஆனால், மொத்த வரவுசெலவைப் பொதுமக்கள் பார்க்கும் வகையில் தணிக்கை செய்து வெளியிடும் வழக்கம் இல்லை. நம்பிக்கையே தணிக்கையாளர். கொடுப்பவரின் கையில் உள்ள ஒரே ஆயுதம், அடுத்த ஆண்டு கொடுக்காமலோ வேறொருவரிடமோ கொடுப்பதுதான்.

ஒரு மர்ஜா மறையும்போது அந்த ஆயுதம் தானே உறையிலிருந்து வெளிவருகிறது. சமயச் சடங்குகளில் மறைந்தவரின் தீர்ப்புகளைத் தொடர, உயிரோடிருக்கும் ஒரு மர்ஜாவின் அனுமதியுடன் பலருக்கு இயலும். ஆனால், இமாமின் பங்கை மறைந்தவரின் பெயரில் செலுத்த முடியாது. நஜஃபில் தேர்தல் இல்லை, வாரிசு அறிவிப்பும் இல்லை. கொமேனியின் நாட்டில் நிபுணர் அவை கூடி ஒருவரைத் தேர்ந்துவிடும். நஜஃபிலோ, லக்னோவிலும் கராச்சியிலும் பெய்ரூட்டிலும் உள்ள கடைக்காரர்கள் தத்தம் கணக்கு நாளில் 30,000 ரூபாயை எந்தப் பிரதிநிதியிடம் நீட்டுகிறார்கள் என்பதைக் கொண்டே அடுத்தவர் யார் என்பது மெல்ல மெல்லத் தெரியவரும். அதற்குச் சில ஆண்டுகளும் ஆகலாம்.